கைத்தொழில் பாடங்களை இணையவழி விற்றல்: பேரணாம்பட்டுத் தோல் தையலை முன்வைத்து

கைத்தொழில் அல்லது சமையல் தெரிந்த ஒருவர், தம் திறமையைக் காணொளிப் பாடமாகப் பதிவு செய்தோ, இணையத்தில் நேரடி வகுப்பாக நடத்தியோ கட்டணம் பெறுவதே இணையவழிப் பாட விற்பனை. இதில் இரண்டு முடிவுகள் முதன்மையானவை. ஒன்று, என்ன விலை வைப்பது. மற்றொன்று, எந்தத் தளத்தில் விற்பது. இவ்விரண்டும் தனித்தனிக் கேள்விகளாகத் தோன்றினாலும், கற்பிக்கப்படும் தொழிலில் மாணவர் எங்கே தவறுகிறார், அந்தத் தவறை யார், எப்போது திருத்துகிறார் என்பதிலிருந்தே இரண்டுக்கும் விடை கிடைக்கிறது. வேலூர் மாவட்டம் பேரணாம்பட்டில் பெண்கள் வீட்டிலிருந்து செய்யும் தோல் கைத்தையலை எடுத்துக்கொண்டு இக்கட்டுரை இதை விளக்குகிறது.

## பேரணாம்பட்டும் கைத்தையலும்

பேரணாம்பட்டு, வேலூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள நகராட்சி. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைப் போலவே இங்கும் தோல் பதனிடுதலும் காலணித் தொழிலும் பிழைப்பின் அடிப்படை. காலணியின் மேற்பகுதியை இப்பகுதியில் ‘அப்பர்’ என்பார்கள். மொக்கசின் வகைக் காலணிகளில் அப்பரின் முன்பகுதியைக் கையால் தைக்க வேண்டியிருக்கும். இந்த வேலையைத் தொழிற்சாலைகள் இடைத்தரகர் வழியாக வீடுகளுக்கு அனுப்புகின்றன. வெட்டித் துளையிட்ட தோலும் நூலும் வீட்டுக்கு வரும். தைத்து முடித்ததும் ஜோடிக்கு இவ்வளவு என்று கூலி கிடைக்கும்.

ஜோடிக் கூலியில் ஒரு கணக்கு விடுபட்டுப் போகிறது. வேலையை வாங்கி வருவது, நூலுக்கு மெழுகு போடுவது, தரமில்லை என்று திரும்பி வந்ததைப் பிரித்துத் தைப்பது, கூலிக்காகக் காத்திருப்பது ஆகியவற்றில் செலவாகும் நேரத்துக்குத் தனியாகக் காசு இல்லை. தையல் ஓடும் நேரம் மட்டுமே வேலை நேரம் என்ற பழக்கம் பல ஆண்டுகளில் ஊறிவிடுகிறது. இப்பழக்கம் உள்ள ஒருவர் பாடம் விற்கத் தொடங்கும்போது, அதே கணக்கை வகுப்புக்கும் போட்டுவிடுகிறார். விலை நிர்ணயத்தில் நேரும் பிழைகளில் பெரியது இதுதான்.

மறுபுறம், தோல் கைத்தையலைப் பொழுதுபோக்காகக் கற்க விரும்புவோர் சென்னை, பெங்களூரு போன்ற நகரங்களிலும் வெளிநாடுகளிலும் இருக்கிறார்கள். அவர்கள் கற்க விரும்புவது அப்பர் தையல் அன்று. அட்டைப் பை, சாவிக்கொத்து, பணப்பை போன்ற சிறு பொருள்கள். ஆகவே தைக்கும் கை இருந்தால் மட்டும் போதாது. பாடத்துக்கென ஒரு சொந்த மாதிரியை வரைந்து, வெட்டி, தைத்துப் பார்த்திருக்க வேண்டும். தொழிற்சாலைக்காகத் தைக்கும் காலணியின் வடிவம் அந்த நிறுவனத்துக்கோ அதன் வாடிக்கையாளருக்கோ உரியது என்பதால், அதைப் பாடமாக்கக் கூடாது.

## மாணவர் எதற்குப் பணம் கொடுக்கிறார்

பதிவு செய்த பாடத்தை விற்பது தமிழுக்குப் புதிதல்ல. எஸ். மீனாட்சி அம்மாள் 1951-இல் வெளியிட்ட ‘சமைத்துப் பார்’ நூல் அத்தகையதே. பக்கத்தில் நின்று கற்றுத்தர ஆள் இல்லாத இடத்தில் அந்நூல் அந்த வேலையைச் செய்தது. அந்நாளில் எழுதி வைத்த செய்முறையே கிடைப்பதற்கு அரிது என்பதால், செய்முறைக்கே விலை இருந்தது.

இன்று நிலைமை வேறு. புதுக்கோட்டை மாவட்டச் சின்ன வீரமங்கலத்திலிருந்து இயங்கும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2021-இல் யூடியூபில் 1 கோடி சந்தாதாரர்களை எட்டியது. அதன் காணொளிகளை யாரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். வருமானம் பார்வையாளரிடமிருந்து நேராக வருவதில்லை. பிரியாணி வைப்பதையும் தோல் தைப்பதையும் காட்டும் இலவசக் காணொளிகள் ஏராளமாக இருக்கும்போது, ‘எப்படிச் செய்வது’ என்ற தகவலுக்கு மட்டும் யாரும் பணம் தரமாட்டார்கள்.

அப்படியும் வகுப்புகளுக்குப் பணம் கட்டிச் சேர்வோர் இருக்கிறார்கள். காணொளியைப் பார்த்துச் செய்து, சரியாக வராமல், எங்கே பிழை என்று தெரியாமல் நின்றவர்களே அவர்களில் பலர். அவர்கள் விலை கொடுப்பது திருத்தத்துக்கு. எனவே, ‘என் தொழிலில் மாணவரின் பிழையை நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்’ என்பதே பாடம் விற்பவர் முதலில் விடை காண வேண்டிய கேள்வி.

## தையலில் பிழை நேரும் இடம்

தோல் பொருள்களில் பரவலாகக் கற்பிக்கப்படுவது இரட்டை ஊசித் தையல். ஒரே நூலின் இரு முனைகளிலும் மொட்டை முனை ஊசிகள் இருக்கும். ஒவ்வொரு துளையிலும் ஓர் ஊசி ஒரு பக்கத்திலிருந்தும், மற்றது எதிர்ப் பக்கத்திலிருந்தும் செல்லும். ஒரு தையல் அறுந்தாலும் மற்றவை உடனே பிரிந்து வராது என்பதே இதன் சிறப்பு.

தொடக்கநிலை மாணவரிடம் மூன்று பிழைகள் அடிக்கடி வரும். முதலாவது, ஊசி வரிசை மாறுவது. எந்தப் பக்கத்து ஊசி முதலில் நுழைகிறதோ அதுவே கடைசி வரை முதலில் நுழைய வேண்டும். நடுவில் மாறினால் தையலின் சாய்வு அந்த இடத்தில் மாறிவிடும். இதை நிழற்படத்திலேயே காணலாம். இரண்டாவது, இழுவை சமமில்லாதது. ஒரு தையல் தோலை அமுக்கியும் அடுத்தது தளர்ந்தும் இருக்கும். பக்கவாட்டிலிருந்து எடுத்த படத்தில் இது தெரியும். மூன்றாவது, இரண்டாம் ஊசி, துளையில் ஏற்கெனவே இருக்கும் நூலைக் குத்திக்கொண்டு செல்வது. வெளியில் எதுவும் தெரியாது. ஆனால் நூல் இறுகாது. இரண்டாம் ஊசியை நுழைத்தபின் முதல் நூலைச் சற்றுப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தால், குத்தப்படாத நூல் தடையின்றி நகரும், குத்தப்பட்டது நகராது. இந்தப் பிழையைப் படத்தில் பிடிக்க முடியாது. மாணவர் தைக்கும்போது பார்த்தால்தான் பிடிபடும்.

ஆக, முதல் இரண்டு பிழைகளைப் படம் வாங்கித் திருத்தலாம். மூன்றாவதற்கு நேரடி வகுப்பு வேண்டும். தையலில் இன்னொரு வசதியும் உண்டு. எந்த இடத்திலும் நிறுத்தலாம், பிரிக்கலாம், மீண்டும் தைக்கலாம். ஆறு பேர் ஆறு வேகத்தில் தைத்தாலும் வகுப்பு குலையாது.

சமையலில் அப்படியில்லை. ஆம்பூர் பிரியாணியை எடுத்துக்கொண்டால், ஊறவைத்து அரைத்த காய்ந்த மிளகாய் விழுதில் கறி வேக வேண்டும். சீரக சம்பா அரிசியை முக்கால் பதத்தில் வடித்துக் கறியோடு சேர்த்து தம் போட வேண்டும். முக்கால் பதம் என்பது அரிசியை விரலால் நசுக்கும்போது நடுவில் சிறு கடினம் எஞ்சும் நிலை. அடுப்பின் வேகம் வீட்டுக்கு வீடு மாறுவதால், நேரடி வகுப்பில் அந்த நிலை ஆறு பேருக்கும் ஆறு வேளையில் வரும். ஆசிரியர் ஒருவருக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் இன்னொருவரின் அரிசி குழைந்துவிடும். எனவே பிரியாணிக்குச் செய்முறையைப் பதிவாகக் கொடுத்து, செய்து பார்த்த பிறகு ஒரு மணி நேரம் கேள்வி-பதில் வைப்பதே பொருந்தும். தையலுக்கு இது தலைகீழ்: திருத்தம் நேரடியில், நினைவூட்டல் பதிவில்.

## ஒரு பாடத்தின் அமைப்பு

அட்டைப் பை ஒன்றைத் தைக்கும் நான்கு வார வகுப்பை எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். வங்கி அட்டையின் அளவு 8.56 × 5.4 செ.மீ. அதற்கு 10 × 7 செ.மீ. அளவில் இரண்டு தோல் துண்டுகள் போதும். ஒவ்வொன்றும் 1.2 முதல் 1.5 மி.மீ. தடிமன் இருக்கலாம். மேற்புறம் திறந்திருக்க, மற்ற மூன்று பக்கங்களையும் தைத்தால் தையல் நீளம் சுமார் 23 செ.மீ. துளைகளுக்கிடையே 4 மி.மீ. இடைவெளி விட்டால் 58 துளைகள் வரும். நூல், தையல் நீளத்தைப்போல நான்கு மடங்கு, அதாவது ஏறக்குறைய 1 மீட்டர் தேவை. முதல்முறை தைப்பவருக்குத் துளைக்கு ஒரு நிமிடம் பிடிக்கும் என்று வைத்தால், ஒரு மணி நேரத்தில் தையல் முடிந்துவிடும்.

முதல் வாரம் வீண் துண்டில் நேர்கோட்டுத் தையல். இரண்டாம் வாரம் மாதிரி வரைந்து வெட்டுதல், துளையிடுதல். மூன்றாம் வாரம் பையைத் தைத்தல். நான்காம் வாரம் ஓரத்தைச் சீராக்கி முடித்தல். ஓரம் முடிக்கும் முறையைத் தோலின் வகை தீர்மானிக்கும். கடுக்காய், ஆவாரம் பட்டை போன்ற தாவரப் பொருள்களால் பதனிட்ட தோலின் ஓரத்தை நனைத்துத் தேய்த்தால் வழவழப்பாகும். குரோம் முறையில் பதனிட்ட தோலை எவ்வளவு தேய்த்தாலும் அப்படி வராது. அதன் ஓரத்தைச் சீவி மடித்து ஒட்ட வேண்டும், அல்லது ஓரச் சாயம் பூச வேண்டும். பேரணாம்பட்டு, ஆம்பூர்ப் பகுதியில் மலிவாகக் கிடைக்கும் காலணித் தோல் துண்டுகளில் பெரும்பாலானவை குரோம் தோல். எந்தத் தோலுக்கான பாடம் என்பதை விளம்பரத்திலேயே சொல்லாவிட்டால், மாணவர் வேறு தோலை வாங்கி வைத்துக்கொண்டு நான்காம் வாரத்தில் ஏமாற்றமடைவார்.

படப்பிடிப்பில் கவனிக்க வேண்டியது கேமராவின் இடம். கேமரா ஆசிரியருக்கு எதிரில் இருந்தால் இடமும் வலமும் மாறித் தெரியும். எந்த ஊசி முதலில் என்பதே அடிப்படையாக உள்ள தையலில், இது மாணவரை நேரே பிழைக்குள் தள்ளும். எனவே கேமராவை ஆசிரியரின் தோளுக்கு மேலிருந்து, அவர் கண் பார்ப்பதுபோல் வைக்க வேண்டும். நேரடி வகுப்பில் ஒரு கைபேசியைக் கைகளைக் காட்டவும், மற்றொன்றைப் பேசவும் பயன்படுத்தலாம். இரண்டும் ஒரே வகுப்பில் இணைந்திருந்தால் எதிரொலி கேட்கும். கைகளைக் காட்டும் கைபேசியில் ஒலிவாங்கியையும் ஒலியையும் அணைத்துவிட வேண்டும். முகம் காட்ட விரும்பாத பெண்களுக்கும் இந்த முறை ஏற்றது. மாணவர் பார்க்க வேண்டியது கைகளைத்தான் என்பதால், முகம் இல்லாததால் பாடத்துக்குக் குறைவில்லை.

## நேரடி வகுப்பின் விலை

மேற்சொன்ன வகுப்பில் ஆறு மாணவர்கள் சேர்கிறார்கள். வாரம் ஒன்றரை மணி நேரம், நான்கு வாரம் என்று கொள்வோம். ஆசிரியர் தம் ஒரு மணி நேர உழைப்புக்கு 250 ரூபாயாவது வேண்டும் என்று முடிவு செய்கிறார். ஜோடிக் கூலிப் பழக்கத்தில் கணக்குப் போட்டால், திரையில் தோன்றும் நேரம் 6 மணி; 6 × 250 = 1,500 ரூபாய். ஆறு பேருக்குப் பிரித்தால் தலைக்கு 250 ரூபாய் என்று விலை வைத்துவிடுவார்.

உண்மையான நேரக் கணக்கு இது:

- வகுப்பு நடத்துதல்: 6 மணி
- ஒவ்வொரு வகுப்புக்கும் அரை மணி முன்னேற்பாடு: 2 மணி
- மாணவர் அனுப்பும் படங்களைப் பார்த்துத் திருத்தம் சொல்லுதல் (ஒருவருக்கு வாரம் 10 நிமிடம்): 4 மணி
- விசாரிப்போருக்குப் பதில், பணம் சரிபார்த்தல், நினைவூட்டல்: 2 மணி

மொத்தம் 14 மணி. உழைப்புக்கு 3,500 ரூபாய். செய்து காட்டும் தோல், நூல், இணையச் செலவு என 500 ரூபாய். ஆக 4,000 ரூபாய். தலைக்கு 250 ரூபாய் வாங்கியிருந்தால் வரவு 1,500. செலவு போக 1,000. அதை 14 மணிக்குப் பிரித்தால் மணிக்கு 71 ரூபாய்தான். வகுப்பு நிரம்பியும் கூலி குறைந்துபோனதன் காரணம், எட்டு மணி நேரம் கணக்கில் வராமல் போனதே.

இடங்கள் எல்லாம் நிரம்பும் என்று நம்பியும் விலை வைக்கக் கூடாது. ஆறு இடத்தில் நான்கு நிரம்பும் என்று வைத்து 4,000 ரூபாயைப் பிரித்தால் தலைக்கு 1,000 ரூபாய். இது அடிமட்ட விலை. இதற்குக் கீழே போனால் நட்டம். கட்டணத்தை 1,500 ரூபாயாக வைத்தால் நான்கு பேரிடமிருந்து 6,000 ரூபாய் வரும். செலவு போக மணிக்குச் சுமார் 390 ரூபாய் நிற்கும். மூன்று பேர் மட்டும் சேர்ந்தால் மணிக்குச் சுமார் 285 ரூபாய். இரண்டு பேர் என்றால் 180 ரூபாய்க்கும் கீழ். (ஆள் குறைந்தால் படம் திருத்தும் நேரமும் சற்றுக் குறையும், பாதுகாப்புக்காக அதைக் குறைக்காமல் விட்டிருக்கிறது.) இதிலிருந்து ஒரு விதி கிடைக்கிறது: மூன்று பேருக்குக் குறைந்தால் வகுப்பைத் தள்ளிவைக்க வேண்டும். அந்த விதியையும், தள்ளிவைத்தால் பணம் முழுதும் திரும்பக் கிடைக்கும் என்பதையும் பணம் வாங்குமுன் எழுதிக் கொடுத்துவிட்டால் பின்னால் சச்சரவு இல்லை.

மேல் எல்லையும் உண்டு. ஆறு பேருக்கு மேல் சேர்த்தால் ஒவ்வொருவரின் கையையும் பார்க்க நேரம் கிடைக்காது. ஒன்றரை மணி நேரத்தில் 15 பேர் இருந்தால் ஒருவருக்கு 6 நிமிடம்தான் தேறும். அதிலும் செய்து காட்டும் நேரம் போய்விடும். அப்போது அது திருத்தம் இல்லாத காணொளியாகிவிடுகிறது. காணொளியோ இலவசமாகவே கிடைக்கிறது.

## பதிவுப் பாடத்தின் விலை

அதே பாடத்தை எட்டுக் காணொளிகளாக, மொத்தம் 70 நிமிடத்துக்குப் பதிவு செய்வதாகக் கொள்வோம். ஒத்திகையும் படப்பிடிப்பும் 16 மணி, தொகுப்பு 20 மணி, பதிவேற்றமும் விவரம் எழுதுதலும் 4 மணி. ஆக 40 மணி. மணிக்கு 250 வீதம் 10,000 ரூபாய். கைபேசித் தாங்கி, விளக்கு, சிறு ஒலிவாங்கி 4,000 ரூபாய். மொத்த முதல் 14,000 ரூபாய்.

விலை 499 ரூபாய் என்றும், வாங்கியவரின் ஐயங்களுக்குப் பதில் சொல்ல ஆளுக்கு 20 நிமிடம் ஆகும் என்றும் வைத்தால், அந்த உழைப்பின் மதிப்பு சுமார் 83 ரூபாய். பணம் பெறும் கட்டண வாயில்கள் பொதுவாக 2 விழுக்காடும், அந்தக் கட்டணத்தின் மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டியும் பிடிக்கும். 499 ரூபாயில் இது ஏறக்குறைய 12 ரூபாய். மிஞ்சுவது 404 ரூபாய். 14,000 ரூபாய் முதல் திரும்ப 35 பேர் வாங்க வேண்டும்.

35 என்பது சிறிய எண்ணாகத் தோன்றும். ஆனால் பாடம் வெளிவந்த நாளில், தெரிந்தவர் வட்டத்துக்கு வெளியே 35 பேரை எங்கிருந்து கொண்டுவருவது என்பதே கடினம். நேரடி வகுப்புக்கு மூன்று பேர் போதும். இதனாலேயே நேரடி வகுப்பில் தொடங்கிப் பின்பு பதிவுக்குப் போவது பாதுகாப்பானது. இன்னொரு காரணமும் உண்டு. முதல் இரண்டு வகுப்புகளில் மாணவர் கேட்கும் கேள்விகள், எதைப் படமெடுக்க வேண்டும் என்று காட்டிவிடும். தமக்கு எளிதாகத் தோன்றுவதை ஆசிரியர் விரைவாகக் கடந்துவிடுவார். நூலில் மெழுகு போடுவது, ஊசியில் நூலைப் பூட்டுவது போன்ற இடங்களில்தான் புதியவர் நின்றுபோவார்.

## தளத்தைத் தேர்ந்தெடுத்தல்

தளங்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம்: கூட்டம் உள்ள தளம், கூட்டமும் விலையும் தளத்தின் கையில் உள்ள சந்தை, ஆசிரியரே ஆள் சேர்க்க வேண்டிய சொந்த இடம்.

முதல் வகைக்கு யூடியூப் எடுத்துக்காட்டு. இங்கு விளம்பர வருவாயில் பங்கு பெற 1,000 சந்தாதாரர்களும், கடந்த 12 மாதங்களில் 4,000 மணி நேரப் பார்வையும் வேண்டும். குறுங்காணொளிகளுக்கு வேறு அளவுகோல் உண்டு. நீண்ட காணொளியின் விளம்பர வருவாயில் 55 விழுக்காடு படைப்பாளருக்குச் சேரும். 4,000 மணி என்பது 2,40,000 நிமிடம். ஒருவர் சராசரியாக 4 நிமிடம் பார்த்தால் 60,000 பார்வைகள் வேண்டும். தோல் தையல் போன்ற சிறு துறையில் இதை எட்டக் காலமாகும். எனவே யூடியூபைக் கடை வாசலாகப் பயன்படுத்துவது நல்லது. ஊசி வரிசை மாறினால் தையல் எப்படிக் கோணும் என்பது போன்ற ஒரு பிழையை இரண்டு நிமிடத்தில் இலவசமாகக் காட்டினால், அதே பிழையில் சிக்கியவர் வகுப்பைத் தேடி வருவார்.

இரண்டாம் வகைக்கு உடெமி எடுத்துக்காட்டு. ஆசிரியர் தம் சொந்த இணைப்பின் வழியே கொண்டுவரும் மாணவரின் கட்டணத்தில் 97 விழுக்காடும், தளமே தேடித்தந்த மாணவரின் கட்டணத்தில் 37 விழுக்காடும் ஆசிரியருக்கு என்பது அதன் பங்கீட்டு முறை. இத்தகைய விதிகள் மாறக்கூடியவை என்பதால், சேருமுன் அன்றைய விதியைப் படிக்க வேண்டும். 499 ரூபாயில் 37 விழுக்காடு சுமார் 184 ரூபாய். ஐயம் தீர்க்கும் உழைப்பு போக 101 ரூபாய் நிற்கும். முதல் திரும்ப 35 பேருக்குப் பதில் ஏறக்குறைய 138 பேர் வேண்டும். இத்தகைய சந்தைகளில் தள்ளுபடி விற்பனையும் அடிக்கடி நடக்கும். பல மொழிகளில் ஆயிரக்கணக்கான பாடங்கள் குவிந்திருக்கும் இடத்தில், தமிழில் பேசும் தோல் தையல் பாடம் தானாகவே கண்டுபிடிக்கப்படும் என்று எதிர்பார்க்க முடியாது.

மூன்றாம் வகை சொந்த இடம். மிக எளிய வடிவம் இதுதான்: வாட்ஸ்அப் குழு, யுபிஐ வழிப் பணம், ஜூம் அல்லது கூகுள் மீட் வகுப்பு, யூடியூபில் Unlisted என்ற தெரிவில் ஏற்றிய பதிவுகள். மாதச் செலவு இல்லை. இலவச ஜூம் வகுப்பு 40 நிமிடத்தில் முடிந்துவிடும். மூவரோ அதற்கு மேற்பட்டவரோ சேரும் இலவச கூகுள் மீட் சந்திப்புக்கு 60 நிமிட எல்லை உண்டு. தையல் வகுப்புக்கு இது இடையூறாக வேண்டியதில்லை. 40 நிமிடம் செய்து காட்டி, பத்து நிமிடம் இடைவெளி விட்டு, மீண்டும் இணைந்து 40 நிமிடம் மாணவர் கைகளைப் பார்க்கலாம்.

இதன் குறை, Unlisted இணைப்பு யாரிடம் இருந்தாலும் காணொளி திறக்கும் என்பது. ஒரு மாணவர் அதைப் பகிர்ந்தால் தடுக்க வழியில்லை. பெயர், கடவுச்சொல் கேட்டுத் திறக்கும் பாடத் தளங்களை மாதச் சந்தாவுக்கோ விற்பனைப் பங்குக்கோ பெறலாம். சந்தா விற்பனை இல்லாத மாதத்திலும் கட்ட வேண்டியது. மாதம் 2,000 ரூபாய் சந்தா என்று வைத்தால், ஒருவருக்கு 404 ரூபாய் மிஞ்சும் பாடத்தில் முதல் ஐந்து பேர் தளத்துக்கே போய்விடுவார்கள். மாதம் ஐந்து பேர்கூட வராத நிலையில் அத்தகைய தளம் தேவையில்லை. பூட்டிய தளத்திலும் திரையைப் படமெடுக்க முடியும் என்பதையும் மறக்கக் கூடாது. திருடிய பதிவை வைத்திருப்பவருக்கு ஆசிரியரின் திருத்தம் கிடைக்காது. நடைமுறையில் பாடத்துக்கு உள்ள வலுவான பூட்டு அதுவே.

## பொருள் பெட்டியும் எல்லையும்

தோல், நூல், ஊசி ஆகியவற்றைச் சிறு பெட்டியாக அனுப்பினால் மாணவருக்கு எளிது. துளைக் கருவி வாங்க வேண்டாதபடி துளையிட்ட தோலையே அனுப்பலாம். முதல் வாரத்திலேயே எல்லாரும் ஒரே அளவில் தைக்கத் தொடங்குவார்கள். ஆனால் இங்கே சட்டம் பாடத்தையும் பொருளையும் வெவ்வேறாகப் பார்க்கிறது. வகுப்பு என்பது சேவை. ஆண்டு வரவு 20 லட்சம் ரூபாய்க்குள் இருக்கும்வரை, பிற மாநில மாணவருக்குக் கற்பித்தாலும் ஜிஎஸ்டி பதிவு தேவையில்லை. பொருளை வேறு மாநிலத்துக்கு விற்பதற்கோ, தொகை சிறிதானாலும் பொதுவாகப் பதிவு வேண்டும். கையால் செய்த சில கைவினைப் பொருள்களுக்கு நிபந்தனையோடு விலக்கு உண்டு. தைக்காத துண்டுகளும் நூலும் கொண்ட பெட்டி அதில் அடங்கும் என்று கொள்ள முடியாது.

பேரணாம்பட்டுக்கு இது நடைமுறைச் சிக்கல். மலைப்பாதை ஏறினால் ஆந்திரம். அதற்கு அப்பால் கர்நாடகத்தின் கோலார் தங்கவயல். பக்கத்து ஊர் மாணவர்கூட வேறு மாநிலத்தவராக இருக்கலாம். பெட்டியைத் தமிழ்நாட்டுக்குள் மட்டும் விற்று, மற்றவர்களுக்கு வாங்க வேண்டிய பொருள்களின் பட்டியலையும் அச்சிட்டுக்கொள்ளும் மாதிரி வரைபடத்தையும் கொடுப்பது எளிய வழி. சமையலிலும் இதே வேறுபாடு உண்டு. பிரியாணி கற்பிப்பதற்கு உணவுப் பாதுகாப்புப் பதிவு தேவையில்லை. அரைத்த மசாலாவைப் பொட்டலமாக விற்றால் தேவை.

## முடிவு

மேற்கண்ட எடுத்துக்காட்டின்படி, தோல் கைத்தையல் தெரிந்த ஒருவர் ஆறு இடம் கொண்ட நேரடி வகுப்பை 1,500 ரூபாய்க்குச் சொந்த வாட்ஸ்அப் குழுவில் தொடங்கி, அதில் எழுந்த கேள்விகளைக் கொண்டு 499 ரூபாய்ப் பதிவுப் பாடத்தை உருவாக்கி, ஒரு பிழைக்கு ஒரு காணொளி என யூடியூபில் இலவசமாக வைப்பதே இழப்புக் குறைந்த வரிசை. தொகைகள் ஆளுக்கு ஆள் மாறும். கணக்குப் போடும் முறை மாறாது. தையல் ஓடாத நேரத்தையும் வேலை நேரமாக எழுதி வைத்த பிறகே விலை வைக்க வேண்டும். அதைச் செய்யாதவருக்கு, ஜோடிக் கூலியில் விடுபட்ட மணி நேரங்கள் வகுப்பிலும் விடுபட்டே போகும்.